பெட்டி திறக்கும் முன் கைக்கு ஒரு தாள், திறந்த பின் கண்ணுக்கு ஒரு தாள்

அறிமுகம், பெட்டி, உள்ளே என்ன, தோற்றம், ஜார்கள், ஓட்டிப் பார்த்தல், பிடித்தது, பிடிக்காதது, நன்றி. புதிய மிக்சி ஒன்றை அன்பாக்சிங் செய்து வீடியோ போட நினைக்கும் ஒருவரின் குறிப்புத்தாள் பெரும்பாலும் இப்படி ஒன்பது வரியில் முடிந்துவிடும். இந்தத் தாளை மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு கேமராவை ஓடவிட்டால், "அடுத்து ஒரு ஜார் இருக்கு, நல்லா இருக்கு, அடுத்து இன்னொரு ஜார், இதுவும் நல்லா இருக்கு" என்று பேச்சு நொண்டத் தொடங்கும். கை ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாய் வேறொன்றைப் பற்றிப் பேசும். பப்பிள் ராப்பைக் கிழிக்கும் சத்தத்தில் விலை விவரம் காணாமல் போகும்.

இதற்குப் பயந்து, சொல்ல வேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்கிறவர்களும் உண்டு. அதில் பேச்சு தடங்காது, ஆனால் வேறொரு கோளாறு நுழைந்துவிடுகிறது. பெட்டியே இன்னும் திறக்கவில்லை. "கைக்கு அடக்கமான வடிவம், உறுதியான ஜார்கள்" என்ற வரிகள் மட்டும் தாளில் தயாராக இருக்கின்றன. நிறுவனத்தின் விளம்பரத்தைத் தவிர அந்த வரிகள் வேறெங்கிருந்தும் வந்திருக்க முடியாது. பார்ப்பவர் அதைச் சில நொடிகளில் கண்டுகொள்வார்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன் கை செய்யப்போகும் வேலைகளை முழுதாக எழுதிவிடலாம். கண்ணும் காதும் மூக்கும் சொல்லப்போவதைக் கேள்விகளாக மட்டும் எழுதி, பதிலுக்கான இடத்தைக் காலியாக விடவேண்டும். பதில்கள் திறந்த பிறகு வரட்டும். இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மிக்சியை வைத்தே பார்க்கலாம். 750 வாட், மூன்று ஜார், மூன்று வேகமும் ஒரு பல்ஸும் கொண்ட சாதாரண வீட்டு மிக்சி. எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்துகொண்டது, எந்த நிறுவனத்துடையதும் அல்ல.

பெட்டியின் வெளியே அச்சாகியிருப்பதைத் திறப்பதற்கு முன்பே எழுதலாம். அது கருத்தல்ல, தகவல். அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளரின் முகவரி, புகாருக்கான தொலைபேசி எண், ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். வீட்டு மிக்சிகளுக்கான இந்தியத் தர நிர்ணய எண் ஐ.எஸ். 4250. இவற்றையெல்லாம் வரிசையாக வாசித்தால் தூக்கம் வரும். இரண்டு மட்டும் போதும்: அச்சடித்த விலைக்கும் உண்மையில் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று, தயாரித்த மாதம் மற்றொன்று. மிக்சி ஒரு வருடம் கிடங்கில் கிடந்து வந்ததா, புதிதாக வந்ததா என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவார்.

இனி "ஜார்கள்" என்று ஒற்றைச் சொல்லாகக் கிடந்த குறிப்பை எடுத்துக்கொள்வோம். அது பேச்சுக்கான தாளாக விரியும்போது இப்படி ஆகிறது:

கை: பெரிய ஜாரைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கழற்றி ஓரமாக வைப்பது. பேச்சு இல்லை.

கை: ஜாரைக் கைப்பிடியால் பிடித்து நிறுத்துவது.
பேச்சு: "இது பெரிய ஜாரு. ஒன்றரை லிட்டர்னு பெட்டில போட்டிருக்காங்க. தோசை மாவுக்கு இதைத்தான் எடுக்கப்போறோம்."

கை: மூடியைப் போட்டுத் திறப்பது, இரண்டு தடவை. பேச்சு இல்லை, சத்தம் மட்டும் கேட்கட்டும்.
கேள்வி: மூடி ஒரு கையால் திறக்கிறதா? இறுக்கமா, தளர்வா?

கை: ஜாரைச் சாய்த்து உள்ளே உள்ள பிளேடைக் காட்டுவது. விரல் உள்ளே போகக் கூடாது.
கேள்வி: ஓரங்களில் பிசிறு இருக்கிறதா? பிளேடுக்கு அடியில் மாவு தங்கும் இடைவெளி எவ்வளவு?

ஒரே சொல் நான்கு கைவேலையாகவும், ஒரு பேச்சாகவும், இரண்டு மௌனமாகவும், நான்கு கேள்வியாகவும் ஆகிவிட்டது. கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதப்படவில்லை. மூடி இறுக்கமாக இருந்தால், "ஒரு கையால திறக்க வரல, இன்னொரு கையால ஜாரைப் பிடிச்சுக்க வேண்டியிருக்கு" என்று அந்த இடத்திலேயே வாயில் வந்துவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டதால், என்ன சொல்வது என்று தடுமாற வேண்டியதில்லை. "நல்லா இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்கும் பழக்கமும் இதில் தானாக விலகும். "மூடி ஒரு கையால் திறக்கிறதா" என்ற கேள்விக்கு "நல்லா இருக்கு" என்று பதில் சொல்ல முடியாதல்லவா?

கைவேலைகளை எழுதும்போது சில நடைமுறைகளை அறிந்து எழுத வேண்டும். முதலாவது, சத்தம் வரும் வேலைக்கு மேல் பேசக் கூடாது. டேப்பை வெட்டுவது, தெர்மகோலை உருவுவது, பிளாஸ்டிக் உறையைக் கசக்குவது ஆகிய மூன்றும் மைக்குக்குப் பக்கத்தில் நடப்பவை. அவை குரலை விழுங்கிவிடும். அந்த இடங்களில் தாளில் "பேச்சு இல்லை" என்று தெளிவாக எழுதியிருந்தால், பேசுகிறவர் அவசரப்பட்டு நிரப்ப மாட்டார். அந்த மௌனம் பார்ப்பவருக்குச் சலிப்பைத் தராது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இரண்டாவது, கனமானதைத் தூக்கும்போது பேசக் கூடாது. மோட்டார் பகுதி மூன்று கிலோவுக்கு மேல் இருக்கலாம். அதைக் குனிந்து தூக்கும்போது வரும் குரல் இறுகி, மூச்சுடன் கலந்து கேட்கும். தூக்கி மேசையில் வைத்து, கையை எடுத்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வாக்கியம் தொடங்க வேண்டும். தாளில் அந்த மூச்சுக்கும் இடம் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, எதைப் பற்றிப் பேச்சோ அது முதலில் கேமராவுக்குத் தெரிய வேண்டும். கை முந்தி, சொல் பிந்தி. "இதுக்கு அடியில ஒரு சிவப்புப் பட்டன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிறகு மிக்சியைத் திருப்பினால், பார்ப்பவர் அந்த இடைவெளியில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் காத்திருப்பார். திருப்பி, விரலால் தொட்டுக் காட்டி, கேமரா ஃபோகஸ் பிடிக்க இரண்டு மூன்று நொடி அசையாமல் வைத்து, அப்புறம் சொன்னால் ஒரே தடவையில் மனதில் பதியும். பல மிக்சிகளில் அது ஓவர்லோடு பட்டன். ஜாரில் அளவுக்கு மீறிப் போட்டு மோட்டார் திணறினால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். சிறிது ஆறவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும். இதை அறியாமல் மிக்சி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறவர்கள் நிறையப் பேர். ஆகவே இந்தக் காட்சிக்கு நேரம் ஒதுக்குவது வீணல்ல.

இன்னொன்றும் உண்டு. மேசை நிரம்பிவிடும். மோட்டார், மூன்று ஜார், மூன்று மூடி, கையேடு, உத்தரவாத அட்டை, கரண்டி என்று எல்லாம் வந்துசேர்ந்த பிறகு கைக்கு இடம் இருக்காது. எடுத்த பொருள் எங்கே போகிறது என்பதும் தாளில் இருக்க வேண்டும்: காலிப் பெட்டி தரைக்கு, உறைகள் இடதுபுறக் கூடைக்கு, ஜார்கள் வலதுபுறம் உயர வரிசையில். பழைய மிக்சியின் பெட்டியோ அதே அளவுள்ள வேறு அட்டைப்பெட்டியோ வீட்டில் கிடந்தால், அதற்குள் பழைய மிக்சியை வைத்து ஒரு தடவை முழுதாக ஒத்திகை பார்த்துவிடலாம். புதுப் பெட்டியின் சீலை ஒரே ஒரு முறைதான் வெட்ட முடியும். கைக்கு வழி தெரிந்திருந்தால், அந்த ஒரு முறை முகம் உண்மையாக வியப்பதற்கும் ஏமாறுவதற்கும் இடம் கிடைக்கும்.

முதல் பார்வையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் இதில் மிகவும் கவனம் கேட்கும் பகுதி. ஒரு மணி நேரத்தில் ஒரு மிக்சியைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடியவை உண்டு: எடை, வயரின் நீளம், மேசையைக் கவ்வும் ரப்பர் கால்களின் பிடி, ஜார் இருக்கையில் சரியாக உட்காருகிறதா ஆடுகிறதா என்பது, கைப்பிடியின் வசதி, மூடியின் இறுக்கம், சத்தம், ஒரு தடவை அரைத்த சட்னியின் பதம். ஒரு மணி நேரத்தில் ஒருபோதும் தெரியாதவையும் உண்டு: கப்ளர் எத்தனை மாதத்தில் தேயும், பிளேடு எப்போது மழுங்கும், ஜாரின் அடியில் கசிவு வருமா, சர்வீஸுக்கு ஆள் வருவாரா என்பவை. "நீண்ட நாள் உழைக்கும்" என்ற வரி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது முதல் பார்வை வீடியோவில் எங்கே வந்தாலும் அடித்துவிட வேண்டிய வரி.

அமெரிக்காவின் மார்க்கஸ் பிரவுன்லீ இந்த வேறுபாட்டைத் தலைப்பிலேயே காட்டுகிறார். புதிய பொருளைச் சிறிது நேரம் கையாண்டு எடுத்த வீடியோவுக்கு "இம்ப்ரெஷன்ஸ்" என்றும், பலநாள் பயன்படுத்திய பிறகு எடுத்ததற்கு "ரிவ்யூ" என்றும் பெயர் வைப்பது அவர் வழக்கம். மிக்சிக்கும் இது பொருந்தும். வீடியோவின் தொடக்கத்திலேயே, "இப்பதான் பெட்டியைப் பிரிக்கிறோம், ஒரு தேங்காய்ச் சட்னி மட்டும் அரைச்சுப் பாக்கப்போறோம், அதுக்கு மேல எதுவும் இன்னிக்குச் சொல்ல முடியாது" என்று எல்லையைப் போட்டுவிட்டால், அதற்குப் பின் சொல்லும் ஒவ்வொரு வரியையும் பார்ப்பவர் சரியான அளவில் எடுத்துக்கொள்வார்.

தெரியக்கூடியவற்றிலும் அடைமொழியை விட அளவு நம்பகமானது. "வயர் சின்னது" என்றால் ஒவ்வொரு சமையலறைக்கும் அது ஒவ்வொரு பொருள் தரும். இஞ்ச் டேப்பை நீட்டி, "வயரு நாலடி இருக்கு, உங்க ப்ளக் பாயின்ட் மேடையிலேர்ந்து எவ்வளவு தூரம்னு பாத்துக்கங்க" என்றால் வாங்குகிறவருக்கு அது வேலைக்கு ஆகும். ஒன்றரை லிட்டர் என்று போட்டிருக்கும் ஜாரில் அளவுக் கோப்பையால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். வாய் வரை ஊற்றினால் ஒரு அளவு, மூடி போட்டுச் சிந்தாமல் அரைக்க வேறு அளவு. இரண்டையும் சொன்னால் குற்றம் சாட்டும் தொனி இல்லாமலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். அளவைக் காட்டும்போதும் கைவேலை விதி மாறாது: முதலில் டேப், பிறகு எண்.

சத்தம் விஷயத்தில் வீடியோவே பொய் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. பெரும்பாலான போன்களும் கேமராக்களும் ஒலியைத் தாமாகவே ஏற்றி இறக்கிப் பதிவு செய்கின்றன. மிக்சி அலறத் தொடங்கியதும் கருவி ஒலியைத் தணித்துவிடும். வீட்டில் காதைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கேட்ட சத்தம் வீடியோவில் மென்மையாக ஒலிக்கும். "பாருங்க, எவ்வளவு அமைதியா ஓடுது" என்று பேசுகிறவர் நேர்மையாகவே சொன்னாலும் பதிவு துணைபோகாது. ஒலியளவைக் கைமுறையில் நிலையாக வைத்து, பழைய மிக்சியையும் புதியதையும் ஒரே தூரத்தில், ஒரே பொருளைப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டலாம். அந்த வசதி இல்லாவிட்டால், பேசுகிறவர் தான் அனுபவித்ததைச் சொல்வதே சரி: "மூணாவது வேகத்துல ஓடும்போது பக்கத்துல நிக்கிறவர் பேசினது கேக்கல, வீடியோல கேக்கிற சத்தத்தை நம்பாதீங்க."

முதல் ஓட்டத்தில் வரும் வாசனையும் அப்படித்தான். மோட்டார் சுருளில் பூசிய வார்னிஷ் சூடாகும்போது லேசாகக் கருகிய நெடி வருவது புது மிக்சிகளில் சகஜம். பல கையேடுகள் இதைக் குறிப்பிட்டிருக்கும். நாலைந்து தடவை ஓட்டிய பிறகு அது போய்விடும். அந்த நெடியைக் குறையென்று கத்துவது பொருளுக்கு அநியாயம். சொல்லாமல் மறைப்பது பார்ப்பவருக்கு அநியாயம், நாளை அவர் வீட்டில் அதே நெடி வந்ததும் பயந்துபோவார். உணர்ந்ததைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சில் அது இப்படி வரலாம்: "லேசா ஒரு கருகின வாசனை வருது. புது மோட்டாருக்கு இது வரும்னு கையேட்டுலயும் போட்டிருக்காங்க. ஆனா புகை வந்தாலோ, பத்து நாள் கழிச்சும் இந்த வாசனை போகலைன்னாலோ நிறுத்திட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்க." கையேட்டில் அந்தக் குறிப்பு இல்லையென்றால் நடு வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும். இதனால்தான் கையேட்டை ஒரு தடவையாவது படித்துவிட்டு இரண்டாவது தாளை எழுத வேண்டும்.

இரண்டாவது தாள் என்பது, பெட்டியைப் பிரித்துப் பதிவு செய்த பின், மிக்சியை ஓட்டிக் காட்டும் பகுதிக்கு எழுதப்படுவது. முதல் பதிவை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, பேசியவர் தம்மையறியாமல் சொன்ன சொற்களை எடுத்து எழுதிக்கொள்வார். ஜாரைக் கையில் எடுத்ததும் "அட, லேசா இருக்கே" என்று வாயில் வந்திருந்தால், அது தாளுக்குள் வரவேண்டிய வரி. லேசாக இருப்பது நல்லதா கெட்டதா என்பதற்கு அங்கே விளக்கம் சேர்க்கலாம்: கழுவவும் தூக்கவும் எளிது, ஆனால் தகடு மெல்லியதா என்று சமையலறைத் தராசில் வைத்துப் பழைய ஜாரோடு ஒப்பிடலாம். முதல் நொடியில் வந்த சொல் அப்படியே நிற்க, பின்னால் வந்த சோதனை அதைச் சரிபார்க்கிறது. இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் சொல்லிவிடுவதே அழகு.

எழுத்து நடையைப் பேச்சு நடையாக்குவது தனி வேலை. குறிப்புத்தாளில் "இதன் வேகக் கட்டுப்பாட்டுக் குமிழ் மென்மையாகச் சுழல்கின்றது" என்று இருந்தால் அதை அப்படியே பேச முடியாது. பேசினால் செய்தி வாசிப்பது போல ஒலிக்கும். "இந்தத் திருகு லேசா சுத்துது" என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும். எண்களையும் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுத்தில் எழுதுவது நல்லது. தாளில் 1.5 என்று இருந்தால் "ஒன்று புள்ளி ஐந்து" என்று வாய் போகும், "ஒன்றரை" என்று இருந்தால் போகாது. எந்த ஊர்ப் பேச்சு என்பதில் ஒரு கட்டாயமும் இல்லை. பேசுகிறவர் வீட்டில் அம்மாவிடம் மிக்சியைக் காட்டும்போது எப்படிச் சொல்வாரோ அந்தப் பேச்சே போதும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, ஒரு கைவேலைக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

பெட்டி எப்படிக் கைக்கு வந்தது என்பதைச் சொல்லும் வரி எங்கே வரவேண்டும் என்பதிலும் தவறு நடக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, சமூக ஊடகங்களில் பொருட்களைப் பரிந்துரைப்பவர்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. கையில் பணம் வாங்குவது மட்டும் தொடர்பு அல்ல. இலவசமாக வந்த பொருள், தள்ளுபடி, பரிசு, உறவினர் நிறுவனம் என்பனவும் அதில் தொடர்பாகவே கணக்கிடப்படுகின்றன. வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக் குறிப்பில் மட்டும் போட்டால் போதாது, வீடியோவுக்குள்ளேயே குரலிலும் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டத்தை விடுங்கள், எழுதும் ஒழுங்குக்கும் அந்த வரி தொடக்கத்தில் வருவதே நல்லது. கை பெட்டியைத் தொடுவதற்கு முன், பெட்டி மேசையில் சும்மா இருக்கும்போது: "இந்த மிக்சியைக் கம்பெனிக்காரங்க இலவசமா அனுப்பினாங்க. வீடியோவை முன்கூட்டிக் காட்டச் சொல்லல, காட்டவும் இல்ல." இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லலாம். சொந்தக் காசில் வாங்கியிருந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்து என்று சொன்னால் போதும். இந்த வரி கடைசியில் வந்தால், அதுவரை கேட்ட பாராட்டையெல்லாம் பார்ப்பவர் திரும்ப எடை போட வேண்டியிருக்கும்.

நேரக் கணக்குக்கு வேறொருவரின் அளவுகோலை நம்ப வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் என்பது பரவலான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி ஒவ்வொரு சொல்லும் நீண்டு போவதால் அந்த எண் நமக்கு ஒத்துவராது. தாளின் ஒரு பகுதியைப் போனில் நிமிடக் கணக்கு வைத்து உரக்க வாசித்து, எத்தனை சொல் ஆனது என்று எண்ணினால் அவரவர் வேகம் தெரிந்துவிடும். அதோடு கைவேலை மௌனங்களைத் தனியே கூட்ட வேண்டும். ஜார் காட்சி ஒன்றிலேயே உறை கழற்ற, மூடி திறக்க, பிளேடு காட்ட என்று அரை நிமிடம் பேச்சில்லாமல் போகலாம். மூன்று ஜாருக்கும் அதே காட்சியைத் திரும்பச் செய்தால் சலிப்பு வரும். பெரிய ஜாரை முழுதாகக் காட்டிவிட்டு, மற்ற இரண்டில் எது மாறுகிறதோ அதை மட்டும் தொட்டுக்காட்டி நகர்ந்துவிடலாம்.

பதிவு முடிந்த பிறகு, முத்திரை, பிளேடு, பட்டன் ஆகியவற்றைக் கிட்டத்தில் வைத்து மறுபடி எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். தகவலைத் தெளிவாகக் காட்டுவதற்காக எடுத்தால் அதில் குற்றமில்லை. ஆனால் முதல் தடவை திறக்க மறுத்த மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி எடுத்து, முதல் காட்சியின் இடத்தில் ஒட்டிவிடக் கூடாது. அந்த மூடி தடங்கிய ஏழெட்டு நொடியும், "வரல, கொஞ்சம் இருங்க" என்று பேசுகிறவர் முனகியதும் வீடியோவில் அப்படியே இருக்கட்டும். கழுவிய பிறகு இளகியது என்றால் அதைத் தனிக் காட்சியாகச் சேர்த்து, "கழுவின பிறகு இப்ப இப்படித் திறக்குது" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் வாங்குகிறவருக்கு இரண்டு நாள் அனுபவமும் கிடைத்துவிடும்.